மறுப்புக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையை மறுக்கும் ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் பெயர்ப்பவர், "பணம் கிடைக்காதாம்" என்று சுருக்கிவிட்டால் பயனில்லை. எந்த விதியின்கீழ், எந்த ஆவணத்தை வைத்து மறுத்தார்கள் என்பது தமிழில் அப்படியே வர வேண்டும்.

உதாரணமாக, 2019-இல் பாலிசி எடுத்து இடைவெளியில்லாமல் புதுப்பித்தவர் 2025-இல் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார். "ஏற்கெனவே இருந்த சர்க்கரை நோயைத் தெரிவிக்கவில்லை" என்கிறது கடிதம். டிஸ்சார்ஜ் சம்மரியில் யாரோ எழுதிய "10 ஆண்டுகளாகச் சர்க்கரை" என்ற வரிதான் ஆதாரம். அதைச் சரிபார்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தொடர்ந்து 60 மாதங்கள் முடிந்த பாலிசியில், மோசடி நிரூபணமானால் தவிர, நோயை மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. பின்னர் கூட்டிய காப்பீட்டுத் தொகைக்கு மட்டும் இந்தக் கணக்கு தனி.

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் முறையீட்டுப் பத்தியைத்தான் பலரும் பெயர்க்காமல் விடுகிறார்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.