போர்ட்ஃபோலியோ: கோப்பாக இணைப்பதா, லிங்க் அனுப்புவதா?

வேலைக்கோ பயிற்சிக்கோ விண்ணப்பிக்கும் கட்டடக்கலை மாணவரின் போர்ட்ஃபோலியோ சாதாரணமாக முப்பது, நாற்பது பக்கம் வரும். பக்கம் முழுக்கப் படங்களும் வரைபடங்களும்தான். அதை மின்னஞ்சலில் கோப்பாக இணைக்கலாம். இல்லையென்றால் கூகுள் டிரைவ் போன்ற ஓரிடத்தில் ஏற்றிவிட்டு லிங்க் அனுப்பலாம். எந்த வழியில் போனாலும் அஞ்சல் தவறக்கூடும். ஆனால் தவறும் விதம் வேறு. கோப்பு அளவு மீறினால் அஞ்சல் பெரும்பாலும் திரும்பி வந்து சேதி சொல்லும். ஸ்பேம் வடிகட்டியில் மாட்டிய அஞ்சலோ எதுவும் சொல்லாமல் மறைந்துவிடும். எதை அனுப்புவது என்ற முடிவை இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் அளவு. ஜிமெயிலில் ஓர் அஞ்சலுடன் மொத்தம் 25 எம்பி வரை இணைக்கலாம். அதற்கு மேல் போனால் ஜிமெயில் கோப்பைத் தானாகவே டிரைவில் ஏற்றி, அஞ்சலுக்குள் லிங்க்கை வைத்துவிடும். கோப்பை இணைத்துத்தான் அனுப்பினோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் பலர் உண்மையில் அனுப்பியது லிங்க்தான். 25 எம்பிக்குள் இருந்தாலும் கவலை தீர்ந்துவிடுவதில்லை. மின்னஞ்சல் எழுத்துகளைக் கொண்டுசெல்லப் பிறந்த ஏற்பாடு. படமும் பிடிஎஃப்பும் அதில் பயணம் செய்ய வேண்டுமானால் எழுத்துகளாக மாற வேண்டும். பேஸ்64 என்ற அந்த முறையில் மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. ஒவ்வொரு வரி முடிவுக்கும் இரண்டு எழுத்து கூடுகிறது. ஆக, 57 பைட் கோப்பு 78 எழுத்தாக விரிகிறது. கணினியில் 20 எம்பி என்று காட்டும் பிடிஎஃப் வழியில் ஏறக்குறைய 27 எம்பி ஆகிவிடும்.

ஜிமெயிலின் அனுப்பும் சர்வரோடு பேசும் மென்பொருளுக்கு அது தரும் பதிலில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்:

```
250-SIZE 35882577
```

இது பைட்டில் சொல்லப்பட்ட உச்ச வரம்பு, அதாவது சுமார் 34 எம்பி. 25 எம்பி கோப்பு விரிந்தால் எவ்வளவு வருமோ அந்த அளவுக்கு ஜிமெயில் தன் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது. மறுமுனையில் இருக்கும் சர்வரும் அவ்வளவு தாராளமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சொந்த அலுவலகத்திலேயே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்தில், நிர்வாகி எதையும் மாற்றாவிட்டால் வரம்பு 10 எம்பி. மைக்ரோசாஃப்டின் இணையச் சேவைக்கு மாறிவிட்ட நிறுவனத்தில் பெறுவதற்கான இயல்பு வரம்பு 36 எம்பி. அதையும் நிர்வாகி கூட்டவோ குறைக்கவோ முடியும். அனுப்புகிறவர் தன் கணக்கின் வரம்பைத் தெரிந்துவைத்திருப்பதால் பெரிய பயன் இல்லை. வழியில் இருக்கும் சர்வர்களில் எது மிகச் சிறியதோ அதுதான் தீர்மானிக்கும். பெறுகிறவரின் சர்வர் எதுவென்று தெரியாதபோது 10 எம்பியையே கணக்கில் வைப்பது பாதுகாப்பு. விரிவைக் கழித்துவிட்டால் கோப்புக்கு 7 எம்பி மிஞ்சும்.

வரம்பு மீறிய அஞ்சல் சாதாரணமாகச் சில நிமிடங்களில் திரும்பிவிடும். அனுப்பியவர் பெயரில் `Mail Delivery Subsystem` என்றோ அதுபோன்ற வேறொன்றோ இருக்கும். உள்ளே `5.3.4` என்ற எண் இருந்தால் காரணம் அளவுதான். முகவரி சரி, வேறு குற்றமும் இல்லை. கோப்பைச் சுருக்கி மறுபடி அனுப்பினால் போதும்.

ஸ்பேம் வடிகட்டிக்கு இந்த நாகரிகம் கிடையாது. அஞ்சலை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு ஸ்பேம் பெட்டியிலோ நிர்வாகி மட்டும் பார்க்கும் தடுப்பு அறையிலோ போட்டுவிடும். பிடிஎஃப் இணைப்பு என்ற ஒரே காரணத்துக்காக அஞ்சல் அங்கே போவது அபூர்வம். பிடிஎஃப் அன்றாட அலுவலகப் பொருள். சந்தேகத்தைக் கிளப்புவது வேறு. கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு அவற்றில் முதன்மையானது. உள்ளே என்ன இருக்கிறது என்று வடிகட்டியால் பார்க்க முடியாது, வைரஸ் அனுப்புகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். போர்ட்ஃபோலியோவை யாராவது திருடிவிடுவார்கள் என்று பயந்து கடவுச்சொல் போடும் மாணவர், பெரும்பாலும் தன் வேலையைப் பார்க்க வேண்டியவரையே வெளியே நிறுத்திவிடுகிறார். ஜிப் செய்வதால் அளவும் பெரிதாகக் குறையாது. பிடிஎஃப்புக்குள் இருக்கும் படங்கள் முன்பே சுருக்கப்பட்டவை.

லிங்க்கில் ஆபத்து இன்னும் நுட்பமானது. வடிகட்டி அஞ்சலில் உள்ள ஒவ்வொரு லிங்க்கின் டொமைன் பெயரையும் எடுத்து, கெட்ட பெயர் வாங்கியவற்றின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. ஸ்பேம்ஹாஸ் போன்ற அமைப்புகள் இத்தகைய பட்டியல்களைப் பராமரிக்கின்றன. முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகள் உண்மையான இடத்தை மறைப்பதால் அவற்றின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். புதிதாகப் பதிவுசெய்த டொமைனும் அப்படித்தான். வேலை தேடுவதற்கென்றே போன வாரம் வாங்கிய சொந்த இணையதளப் பெயர் பார்க்க அழகாக இருக்கலாம், வடிகட்டிக்கு அது நேற்று முளைத்த பெயர். அறிமுகமில்லாதவரிடமிருந்து இரண்டே வரியும் ஒரு லிங்க்கும் வந்தால், அது மோசடி அஞ்சலின் உருவத்தையே ஒத்திருக்கும். ஒரே அஞ்சலை நாற்பது நிறுவனங்களின் முகவரிகளைப் பிசிசியில் போட்டு அனுப்புவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ஆகவே லிங்க் அனுப்புகிறவர் முழு முகவரியையும் அப்படியே தெரியவிட வேண்டும். ஒரு பெயர் தெரிய, அடியில் வேறொரு முகவரி ஒளிந்திருப்பது மோசடிக்காரர்களின் பழைய வழக்கம். யார் எழுதுகிறார், எந்தக் கல்லூரி, எந்த வேலைக்கு, லிங்க்கைத் திறந்தால் என்ன இருக்கும், எத்தனை பக்கம் என்று நான்கைந்து வாக்கியமாவது உடன் இருக்க வேண்டும். அது வடிகட்டிக்கும் உதவும், லிங்க்கை அழுத்தலாமா என்று யோசிக்கும் மனிதருக்கும் உதவும்.

வடிகட்டியைத் தாண்டிய பிறகும் லிங்க்குக்கு ஒரு வாசல் இருக்கிறது: அனுமதி. கூகுள் டிரைவில் ஏற்றிய கோப்பு முதலில் `Restricted` நிலையில் இருக்கும். அதை `Anyone with the link` என்று மாற்றாமல் அனுப்பினால், திறக்கிறவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் தெரியும். ஒரு நாளில் முப்பது விண்ணப்பம் பார்க்கும் கட்டடக்கலைஞர் அனுமதி கேட்டுக்கொண்டு காத்திருக்க மாட்டார். அடுத்த அஞ்சலுக்குப் போய்விடுவார். இதைச் சோதிப்பது எளிது. பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் லிங்க்கைத் திறந்துபார்த்தால் போதும். தன் கணக்கிலேயே திறந்துபார்ப்பது சோதனை ஆகாது.

இப்போது ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 36 பக்கம், குறுக்குவாட்டில் ஏ4, 62 எம்பி. விரிந்தால் சுமார் 85 எம்பி. எந்தச் சாதாரண சர்வரும் ஏற்காது. இந்தப் பருமனுக்கு முதல் காரணம் அச்சுக்கான தெளிவு. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் ஒரு முழுப்பக்கப் படத்தில் 87 லட்சம் புள்ளி இருக்கும். திரையில் பார்க்க 150 போதும், அப்போது புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகிவிடும். இன்டிசைனில் பிடிஎஃப் எடுக்கும்போது `Compression` பகுதியில் இந்த எண்ணை மாற்றலாம். இதைச் செய்ததும் 62 எம்பி 21 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கில் ஒரு பங்கு என்றால் பதினாறுக்குள் வந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். வராததற்குக் காரணம் கோட்டு வரைபடங்கள். ஆட்டோகேடிலிருந்து வரும் மனைப் படத்தில் மரம், புல்தரை, ஓடு என்று நிரப்பிய கோடுகள் பல்லாயிரம் இருக்கும். அவை புள்ளிகள் அல்ல, வடிவக் கணக்குகள். தெளிவைக் குறைக்கும் கட்டளை அவற்றைத் தொடாது. அத்தகைய ஒரே பக்கம் 6 எம்பி பிடிப்பதும் உண்டு. திறக்கும்போது கோடுகள் ஒவ்வொன்றாக வந்து நிரம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தப் பக்கத்தை மட்டும் தனியாகப் படமாக மாற்றி வைத்தால் ஒரு எம்பிக்குள் வந்துவிடும். மொத்தம் 16 எம்பி.

பதினாறும் விரிந்தால் 22. ஜிமெயிலிலிருந்து ஜிமெயிலுக்குப் போய்ச் சேரும். 10 எம்பி வரம்புள்ள அலுவலகத்துக்குப் போகாது. இதற்கு மேல் தெளிவைக் குறைத்தால் வரைபடத்தின் எழுத்துகள் மங்கத் தொடங்கும். கட்டடக்கலை மாணவருக்கு அது நல்லதல்ல, அளவுகள் வாசிக்க முடியாத வரைபடத்தை அனுப்பிப் பயனில்லை. பிரித்து அனுப்புவதே இங்கே சரியான வழி. மூன்று நல்ல வேலைகளை மட்டும் எடுத்துப் பத்துப் பக்க மாதிரி தயாரித்தால் 5 எம்பி வரும், விரிந்தால் 7. அது இணைப்பாகப் போகட்டும். 36 பக்க முழுத் தொகுப்பு டிரைவில் இருக்க, அதன் லிங்க் அஞ்சலின் கடைசியில் ஒரே ஒரு முறை வரட்டும். லிங்க்கைத் திறக்க அலுவலக நெட்வொர்க் விடாவிட்டாலும் மாதிரி கையில் இருக்கும். கோப்பின் பெயர் `final_new2.pdf` என்றில்லாமல் மாணவரின் பெயரோடு இருந்தால், பதிவிறக்கியவர் பிறகு தேடும்போது கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டை மீறும் ஒரே விஷயம் நிறுவனத்தின் அறிவிப்பு. பிடிஎஃப் மட்டும், இத்தனை எம்பிக்குள் என்று அவர்கள் எழுதியிருந்தால் அதுவே முடிவு. லிங்க் மட்டும் என்று சொல்லியிருந்தால் அதுவும் அப்படியே. அசைபடமோ நடந்துபார்க்கும் முப்பரிமாண மாதிரியோ போர்ட்ஃபோலியோவின் உயிராக இருந்தாலும் லிங்க்தான் வழி. அவற்றை பிடிஎஃப்பில் அடைப்பதில் அர்த்தமில்லை.

லிங்க் திறக்கப்பட்டதா என்று எண்ணிக்காட்டும் வசதிகளை அதிகம் நம்ப வேண்டாம். பல நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள் அஞ்சல் வந்ததும் லிங்க்கைத் தானே திறந்து சோதிக்கும். பார்வை எண்ணிக்கை ஒன்று கூடியதால் மனிதர் பார்த்தார் என்று ஆகாது.

அனுப்பிய பிறகு கோப்பில் பிழை கண்டால், பழையதை அழித்துப் புதியதை ஏற்றினால் லிங்க் செத்துவிடும். டிரைவில் `Manage versions` என்ற இடத்தில் புதிய பதிப்பை ஏற்றினால் லிங்க் மாறாது, உள்ளடக்கம் மட்டும் மாறும். இணைப்பாக அனுப்பியதற்கு இந்தச் சலுகை இல்லை. கல்லூரி தந்த கணக்கில் போர்ட்ஃபோலியோவை வைப்பதில் இன்னொரு சிக்கல். சில கல்லூரிகளின் கணக்கு வெளியாட்களோடு கோப்பைப் பகிரவே விடாது. விடுகிற கல்லூரியும் படிப்பு முடிந்ததும் கணக்கை மூடக்கூடும். அனுப்பி ஆறு மாதம் கழித்து இடம் காலியாகிப் பழைய விண்ணப்பத்தை ஒரு நிறுவனம் தேடி எடுக்கும்போது லிங்க் திறக்க வேண்டும் என்றால், கோப்பு மாணவரின் சொந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும்.