அவர் சொன்னது ஒன்று, டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது வேறொன்று

இன்னைக்கு ஒரு சின்ன இந்தி வாக்கியத்தோட ஆரம்பிக்கலாம். "கான் மே ஆவாஜ் ஆதி ஹை." ஆவாஜ் என்றால் குரல். சத்தம் என்றாலும் அதே சொல்தான். இதைக் கேட்ட மொழிபெயர்ப்பாளர் "காதுல இரைச்சலா இருக்காம் சார்" என்றால், நோயாளி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போவார். "காதுல குரல் கேட்குதாம்" என்றால், மனநல மருத்துவரான என் அறையிலேயே உட்காருவார். ரெண்டுமே தப்பான மொழிபெயர்ப்பு இல்லை. ஆனால் எது சரி என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு பண்ணக்கூடாது. "யாராவது பேசற மாதிரியா? வார்த்தை புரியுதா?" என்று திருப்பிக் கேட்டு, நோயாளிகிட்ட இருந்துதான் அது வரணும்.

சென்னையில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்தில் இருந்து நிறைய பேர் வந்திருக்காங்க. அவங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்கு மொழி தேவையில்லை. மனநலத்தில் அப்படி இல்லை. ஒருத்தர் என்ன பேசுறார், எப்படிப் பேசுறார், ஒரு பேச்சில் இருந்து அடுத்த பேச்சுக்கு எப்படிப் போறார் என்று பார்ப்பதுதான் எங்க பரிசோதனை. மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன் என்று அதற்குப் பெயர். நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து மொழிபெயர்த்தால், அந்தப் பரிசோதனையே அவர் வாய் வழியாகத்தான் நடக்குது.

ஒரு உதாரணம் சொல்றேன். பல பேருடைய அனுபவத்தைச் சேர்த்து உருவாக்கியது. சுனில் என்று வச்சுக்கலாம். 23 வயது, பீகார், கம்பி கட்டுற வேலை. ஒரு வாரமாகத் தூங்கலை, சரியாகச் சாப்பிடலை என்று மேஸ்திரி கூட்டிட்டு வர்றார். மேஸ்திரிக்கு இந்தியும் தமிழும் தெரியும். "நானே கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்கிறார்.

அங்கேதான் முதல் முடிவு எடுக்கணும். மேஸ்திரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சுனிலின் கூலியும் வேலையும் அவர் கையில் இருக்கு. சாராயம் குடிச்சியா, சாகணும்னு தோணுதா என்று அவர் வழியாகக் கேட்டால் உண்மையான பதில் வராது. அதனால் மேஸ்திரியிடம் தனியாகப் பேசி, அவர் பார்த்ததை வாங்கிக்கணும். அவர் சாட்சி. மொழிபெயர்ப்புக்கு வேற ஆள் வேணும். அது இந்தி தெரிந்த நர்ஸாக இருக்கலாம், போனில் ஒருத்தராக இருக்கலாம். அவசரத்தில் வேற வழியே இல்லையென்றால் மேஸ்திரியை வச்சு ஆபத்தை மட்டும் கணிச்சுட்டு, முழுப் பேட்டியை அப்புறம் வேற ஆளை வச்சுத் திரும்ப எடுக்கணும்.

நர்ஸ் வந்ததும் நேராக உள்ளே போகக்கூடாது. வெளியே ஒரு பத்து நிமிஷம் பேசணும். முதல்ல, சுனில் வீட்டில் பேசுறது இந்தியா, போஜ்புரியா, மைதிலியா என்று பார்க்கணும். "இந்தி தெரியும்" என்று சொல்ற பல பேருக்கு மனசுக்குள் இருப்பதைச் சொல்ற மொழி வேறயாக இருக்கும். அடுத்து, என்னவெல்லாம் கேட்கப்போறேன் என்று முன்கூட்டியே சொல்லிடணும். முக்கியமாகத் தற்கொலைக் கேள்வி. "சாகணும்னு நினைச்சீங்களா?" என்று நான் கேட்டால், சங்கடத்தில் அது "தப்பா ஏதும் யோசிக்கிறியா?" என்று மாறிடும். "நஹி" என்று பதில் வரும், நானும் இல்லை என்று எழுதிடுவேன். அப்படிக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதுசாக வந்துடாது என்பதையும் சொல்லி, நேராகவே கேட்கச் சொல்லணும்.

கடைசியாக, இதுதான் ரொம்ப முக்கியம்: "அவர் சொல்றது அர்த்தமே இல்லாம இருந்தா, அப்படியே கொடுங்க. சரி பண்ணாதீங்க."

ஏன் என்று பார்க்கலாம். "ஏன் தூக்கம் வரலை?" என்ற கேள்விக்குச் சுனில் சொன்னது இது: "தூக்கம் லிஃப்ட்ல போயிருச்சு. லிஃப்ட் நாலாவது மாடி. நாலு பேர் தூக்கினா அப்பா. அப்பா நம்பர் கம்பியில இருக்கு." பழக்கமில்லாத மொழிபெயர்ப்பாளர் இதை என்ன செய்வார்? "லிஃப்ட் சத்தத்துல தூக்கம் வரலையாம், அப்பா ஞாபகமா இருக்காம்." அழகான, கோர்வையான வாக்கியம். அதைக் கேட்டால் ஊர் ஏக்கம் என்று நினைச்சு, தூக்க மாத்திரை எழுதி அனுப்பலாம். சிந்தனை சிதறுவது என்ற முக்கியமான அறிகுறியை மொழிபெயர்ப்பே துடைச்சுடுச்சு. நியூயார்க்கில் லூயிஸ் மார்கோஸ் என்ற மனநல மருத்துவர் 1979-ல் இப்படிப்பட்ட பேட்டிகளை ஆராய்ந்து எழுதினார். மனநலம் பற்றித் தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள், குழப்பமான பேச்சை நேராக்கிக் கொடுக்கிறாங்க என்பது அவர் காட்டிய பிரச்சினைகளில் ஒன்று.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நேரத்தைப் பாருங்க. நோயாளி ஒரு நிமிஷம் பேசி, எனக்கு ஒரே வரி வந்தால், நடுவில் ஏதோ விழுந்துடுச்சு. முகத்தையும் பாருங்க. அழுதுகிட்டே சொன்னதற்கு "நல்லாத்தான் இருக்காராம்" என்று வந்தால் நிறுத்திக் கேட்கணும்.

இப்போ வேகம். நான் நோயாளியைப் பார்த்துத்தான் பேசணும், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து இல்லை. ஒரு தடவைக்கு ஒரு கேள்வி, ஒன்றிரண்டு வாக்கியம், அப்புறம் நிறுத்தம். வழக்கமான பேட்டியை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் ஒதுக்கணும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கு. ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தினால் பேச்சின் ஓட்டமே உடைஞ்சுடும். சிந்தனை சிதறுதா என்று பார்க்க அந்த ஓட்டம்தான் வேணும். அதனால் ஒரு இடத்தில் மட்டும், "உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டு, இடையில் நிறுத்தாமல் ரெண்டு நிமிஷம் பேச விடணும். மொழிபெயர்ப்பாளர் கேட்டுக் குறிப்பு எடுத்தால் போதும். பிறகு அவரிடம் கேட்கணும்: வாக்கியம் முடிஞ்சுதா? ஒண்ணுக்கொண்ணு தொடர்பு இருந்துதா? இல்லாத வார்த்தை ஏதாவது சொன்னாரா?

இதற்கு நேரெதிரான தப்பும் நடக்கும். "எனக்கு யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்று சுனில் சொன்னால் அது மனப்பிரமை ஆகிடாது. நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் அது சாதாரணப் பேச்சு. தேதி, கிழமை கேட்கும்போது மொழிபெயர்ப்பாளர் உதவும் எண்ணத்தில் பதிலை எடுத்துக் கொடுத்துடுவார். பழமொழிக்கு அர்த்தம் கேட்கும் சோதனையை மொழிபெயர்த்து நடத்துவதில் பயனே இல்லை, விட்டுடலாம்.

பேட்டி முடிஞ்சதும் மொழிபெயர்ப்பாளரோட அஞ்சு நிமிஷம். எந்த வார்த்தைக்குத் தமிழ் கிடைக்கலை என்று கேட்கணும். கேஸ் ஷீட்டில் "இந்தியில், மொழிபெயர்ப்பாளர் வழியாக" என்று எழுதணும். இவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரே பேட்டியை வச்சு ஒருத்தருக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று முடிவு கட்டக்கூடாது. மொழி தெரிந்த இன்னொருத்தரை வச்சு மறுபடியும் பார்க்கணும்.

இதை உங்ககிட்ட சொல்ல ஒரு காரணம் இருக்கு. உங்கள்ல பல பேருக்கு இந்தியோ பெங்காலியோ தெரியும். "கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?" என்று என்னைக்காவது ஒரு நாள் கூப்பிடுவாங்க. அப்போ "அவர் சொல்றாரு" என்று ஆரம்பிக்காமல், அவர் "நான்" என்று சொன்னதை நீங்களும் "நான்" என்றே சொல்லுங்க. புரியலைன்னா புரியலைன்னே சொல்லுங்க. கேட்டதை வெளியே யாருக்கும், முக்கியமாக அவரைக் கூட்டிட்டு வந்த மேஸ்திரிக்கு, சொல்லாதீங்க.