வாடகை நிலுவைக்கு ஒரு தவணைச் சீட்டு

"தம்பி, நமக்குள்ளே எழுத்து எதற்கு?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்பது அன்பினால்தான். ஆனால் ஐந்து மாத வாடகை நின்றுபோன பிறகு, இருவருடைய நினைவிலும் ஒரே கணக்கு இருப்பதில்லை. பிணக்கு அங்கேதான் முளைக்கிறது.

கல்முனைக்கு அண்மையிலுள்ள சொறிக்கல்முனையை மனத்தில் வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உழவு இயந்திரம் ஓட்டிப் பிழைக்கும் ஒருவர், மாதம் 12,000 ரூபா வாடகையில் குடியிருக்கிறார் என்று கொள்வோம். கால் முறிந்து படுத்ததால் செப்டெம்பர் முதல் ஜனவரி வரை வாடகை கொடுக்கவில்லை. நிலுவை 60,000 ரூபா. அதை எட்டு மாதங்களில் தீர்ப்பதென்று இருவரும் இணங்குகிறார்கள்.

எட்டால் வகுத்தால் மாதம் 7,500 ரூபா வரும். வழக்கமான வாடகையுடன் 19,500 ரூபா. தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாம், மூன்றாம் மாதத்திலேயே தவறிவிடும். நெல்வயலை நம்பியிருப்பவரின் கைக்கு மாதந்தோறும் ஒரே அளவாகப் பணம் வருவதில்லை. பெரும்போக அறுவடை மாசி பங்குனியிலும், சிறுபோக அறுவடை ஆவணி புரட்டாசியை ஒட்டியும் அமைகின்றன. ஆகவே தவணையும் அறுவடையைத் தொடர்ந்து வரட்டும். பெப்ருவரியில் 3,000, மார்ச்சில் 20,000, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 3,000, செப்டெம்பரில் 22,000. கூட்டிப் பாருங்கள், 60,000 சரியாக வரும். இவற்றோடு நடப்பு மாத வாடகையும் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் செலுத்தப்படவேண்டும்.

இனி, சீட்டில் எழுதவேண்டியவை. எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு நிலுவை என்பதை முதலில் எழுத வேண்டும். மொத்தத் தொகை மட்டும் போதாது. முற்பணம் கொடுத்திருந்தால், அது கழிக்கப்பட்டதா, அப்படியே இருக்கிறதா என்பதையும் குறிக்கவேண்டும். அடுத்தது மிக முக்கியமானது: கொடுக்கும் பணம் எதில் வரவு வைக்கப்படும்? "பெப்ருவரி வாடகை 12,000, பழைய நிலுவையில் 3,000, மீதி நிலுவை 57,000" என்று பற்றுச்சீட்டிலும் அப்படியே வரவேண்டும். இது இல்லாதபோது, கொடுத்தவர் புது வாடகைக்கென்று கொடுத்ததை வாங்கியவர் பழைய கடனில் வைத்துவிடுவார். சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்கட்டும்; இரண்டிலும் இருவரும் ஒப்பமிடட்டும்.

ஒரு தவணை தவறினால் முழுத்தொகையும் உடனே வேண்டும் என்று எழுதிவிடுவது வீட்டுக்காரருக்கு இயல்பு. அதைச் சேர்ப்பதானால், எழுத்தில் அறிவித்து ஏழு நாள் அவகாசம் கொடுப்பதாகவும் சேர்த்துக்கொள்வது நியாயம். மின்சாரத்தைத் துண்டிப்பதும் பூட்டுப் போடுவதும் தீர்வாகா. நீதிமன்றக் கட்டளையின்றி ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது.

இன்னொரு பிழையைப் பலரும் அறியாமல் செய்கிறார்கள். "இன்னும் ஓராண்டு இருக்கலாம்" என்று இதே சீட்டில் எழுதிவிடுகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும். மாத வாடகைக்கு அந்தத் தேவை இல்லை. எனவே தவணைச் சீட்டு கடனைப் பற்றி மட்டும் பேசட்டும். பழைய மாத வாடகை உறவு மாறவில்லை என்று ஒரு வரி போதும்.

எழுத்துக்கு நாட்டுச் சட்டம் தரும் மதிப்பும் உண்டு. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம், எழுத்தில்லாத ஒப்பந்தத்தின் பேரில் வழக்கிட மூன்று ஆண்டுகளும், எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகளும் அனுமதிக்கிறது. குடியிருப்பவருக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், நோயாலோ வேலையின்மையாலோ நிலுவை ஏற்பட்டதென்று நீதிமன்றம் கண்டால், தவணையாகச் செலுத்த இடங்கொடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எல்லா வீடுகளுக்கும் பொருந்துவதில்லை. நம் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டறிவது நல்லது. சிறு தொகைப் பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குத்தான் முதலில் செல்லும். அங்கே காணும் இணக்கமும் எழுத்திலேயே பதியப்படுகிறது.

திட்டம் தடுமாறுவதை எப்படிக் கண்டுகொள்வது? தவணை ஒழுங்காக வருகிறது, ஆனால் நடப்பு வாடகை குறைகிறது என்றால், பழைய குழியை மூடப் புதிய குழி வெட்டப்படுகிறது என்றே பொருள். மார்ச்சில் 20,000 வந்து ஏப்ரல் வாடகை வராவிட்டால், அன்றே இருவரும் உட்கார்ந்து மீதி 37,000 ரூபாவுக்குப் புதுத் தேதிகளை எழுதிக்கொள்ளலாம். பழைய சீட்டைக் கிழித்துவிடாமல், புதியதை அதனோடு சேர்த்துத் தைத்து வைக்கவேண்டும்.

நமது உதாரணத்தில் மழை கெடுக்காவிட்டால், செப்டெம்பர் பற்றுச்சீட்டில் "மீதி இல்லை" என்று எழுதலாம். அதன் அடியில் இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதியை எடுத்துக்கொள்வார்கள்.