தமிழை வாய்விட்டுப் படிக்கும் போன்

எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கண் ஒத்துழைக்காதவர்களுக்குக் காதுதான் வழி. இந்த வாரம் ஆண்ட்ராய்டு போனைத் தமிழில் படிக்க வைப்போம்.

என் பெரியம்மாவின் போனில் படித்துக்காட்டும் வசதியை யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். "பேங்க்ல இருந்து வர்ற மெசேஜை எல்லாம் நல்லா படிக்குதுடா. உங்க அண்ணன் தமிழ்ல அனுப்பினா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றார். வாங்கிப் பார்த்தேன். தமிழ்ச் செய்தியில் இருந்த தேதியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மற்றதைத் தாண்டிப் போனது. போனில் கோளாறு எதுவும் இல்லை. ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

படிக்கும் வேலையை இரண்டு பேர் பங்குபோட்டுச் செய்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தை எடுத்துக் கொடுப்பது ஒரு கருவி. அதை ஒலியாக்குவது பேச்சு எஞ்சின். பெரியம்மா போனில் கருவி சரியாகவே வேலை செய்தது. எஞ்சினில் மொழி 'Use system language' என்று இருந்தது. போன் ஆங்கிலத்தில் ஓடுவதால் குரலும் ஆங்கிலம்.

மாற்றும் இடம் Settings-க்குள் Accessibility, அதற்குள் Text-to-speech output. சில போன்களில் வேறு இடத்தில் இருக்கும். Settings-இன் தேடல் பெட்டியில் speech என்று அடித்தால் அகப்பட்டுவிடும். எஞ்சினாகக் கூகுளுடையதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொடுங்கள். Install voice data என்பதில் Tamil (India) இருக்கும். அதை வைஃபையில் இறக்கிக்கொண்டால் Voice I, Voice II என்று குரல்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் தொட்டுக் கேட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். முந்தைய பக்கத்துக்குத் திரும்பி, Language என்ற இடத்திலும் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியம்மா போனில் விடுபட்டிருந்தது இந்த ஒன்றுதான்.

பிறகு இணையத்தை அணைத்துவிட்டு, அதே பக்கத்தில் உள்ள Play பொத்தானை அழுத்துங்கள். தமிழ் வந்தால் குரல் போனிலேயே இறங்கியிருக்கிறது என்று பொருள். இங்கே தமிழ் பேசி, செய்தியில் மட்டும் பேசவில்லை என்றால் எஞ்சினை விட்டுவிட்டுக் கருவியையோ செய்தியையோ கவனிக்க வேண்டும்.

எந்தக் குரல் நல்லது? மாதிரி வாக்கியத்தின் இனிமையை வைத்து முடிவு செய்யாதீர்கள். "பாபு பஸ்ஸில் வந்தார், பால் விலை 48 ரூபாய், மழை வெள்ளம் வடிந்தது" என்று உங்களுக்கே ஒரு செய்தி அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். பாபுவுக்கும் பாலுக்கும் நாம் எழுதுவது ஒரே 'ப'தான், ஒலி வேறு. எழுத்தில் இல்லாத அந்த வேறுபாட்டை எஞ்சின் ஊகித்தாக வேண்டும். ழகரமும் எண்ணும் தெளிவாக விழுகின்றனவா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். வேகத்தைச் சற்றே குறைத்தால் முதியவர்களுக்கு வசதி. சுருதியை நான் தொடுவதில்லை. வேகமாகக் கேட்டுப் பழகிய பார்வையற்ற வாசகர்கள் eSpeak NG என்ற எஞ்சினையும் நிறுவிப் பார்க்கலாம். இயந்திரக் குரல்தான், ஆனால் வேகம் கூட்டினாலும் சொற்கள் குழைவதில்லை.

எடுத்துக் கொடுக்கும் கருவிக்கு Select to Speak போதும். Accessibility-இல் அதன் குறுக்குவழியை இயக்கினால் திரையில் ஒரு பொத்தான் வரும். அதைத் தொட்டுவிட்டுச் செய்தியைத் தொட்டால் அதை மட்டும் படிக்கும். பத்திகளின் மேல் விரலை இழுத்தால் அவ்வளவையும் படிக்கும். திரையைப் பார்க்கவே முடியாதவர்களுக்கு இது போதாது, TalkBack வேண்டும்.

இத்தனையும் செய்தபின்னும் உளறினால் குறை செய்தியில் இருக்கிறது. naalaikku varen என்று ஆங்கில எழுத்தில் வரும் தமிழை எந்தக் குரலும் ஒழுங்காகப் படிக்காது. பெரியம்மா அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டார், "தமிழ் எழுத்துலயே அடிச்சு அனுப்புடா."

இன்னொன்று பழைய எழுத்துரு. சில பழைய இணையப் பக்கங்களும் பிடிஎஃப் கோப்புகளும் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது உள்ளே `mk;kh`. எஞ்சினின் கைக்குப் போவது அதுதான். சந்தேகம் வந்தால் ஒரு வரியை நகலெடுத்துச் செய்திப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தாக மாறிவிட்டால், அந்தப் பகுதியை ஒருங்குறி மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால், மாற்றியில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக முயலலாம். சரியானதில் தமிழ் வார்த்தைகள் உடனே தெரியும்.