ஓடும் வேனில் ஒரு லோகோ

விளம்பரப் படம் ஒன்றில் வெள்ளை வேன் தெருவில் போகிறது. ஷூட்டிங் முடிந்த பிறகுதான், அதன் பக்கவாட்டில் கடையின் லோகோ வேண்டும் என்கிறார்கள். ஷாட் நாலு விநாடி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 100 ஃபிரேம். ஒவ்வொன்றிலும் லோகோவைக் கையால் நகர்த்தி வைக்கலாம்தான். ஆனால் ஒன்றிரண்டு பிக்சல் தவறினாலும், ஓடவிட்டுப் பார்க்கும்போது லோகோ நடுங்கும். அதனால் வேலை டிராக்கருக்குப் போகிறது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Track Motion-ஐ அழுத்தினால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கட்டங்கள் வரும். உள்கட்டத்துக்குள் இருப்பதை மென்பொருள் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். அடுத்த ஃபிரேமில் அதை வெளிக்கட்டத்துக்குள் மட்டுமே தேடும். வேன் வேகமாகப் போனால், அது போகும் திசையில் வெளிக்கட்டத்தை நீட்டிவிட வேண்டும்.

எதை அடையாளமாகப் பிடிக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கதவின் விளிம்பு பளிச்சென்று தெரியும். ஆனால் அந்தக் கோடு நெடுக ஒரே மாதிரி இருப்பதால் டிராக்கர் அதன்மேல் வழுக்கிப் போகும். கண்ணாடியில் மின்னும் வெளிச்சமும் உதவாது, வேன் நகர்ந்தால் அது இடம் மாறிவிடும். என்னைக் கேட்டால், கதவுக் கைப்பிடியின் கறுப்பு முனையைப் பிடிப்பேன். வெள்ளைப் பின்னணியில் அது தனியாகத் தெரியும், வண்டியோடு சேர்ந்தே நகரும்.

நடுவில் ஒரு விளக்குக் கம்பம் கைப்பிடியை மறைத்தால், டிராக்கர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அப்போது கடைசியாகச் சரியாக இருந்த ஃபிரேமுக்குத் திரும்பிப் போய், கம்பம் கடந்த பிறகு மறுபடி தொடங்க வேண்டும். இடைப்பட்ட தவறான கீஃபிரேம்களை அழித்துவிட்டால், இரு பக்கத்தையும் மென்பொருளே இணைத்துவிடும். வேன் சீரான வேகத்தில் போனால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கம்பம் லோகோவையும் மறைக்க வேண்டும். அந்தச் சில ஃபிரேம்களில் மட்டும் கம்பத்துக்கு மாஸ்க் வரையாவிட்டால், லோகோ கம்பத்துக்கு முன்னால் மிதக்கும்.

வேன் தெருமுனையில் திரும்பினால் ஒரு புள்ளி போதாது. பக்கவாட்டுப் பரப்பு சாய்ந்து சுருங்குவதால், நாலு மூலைகளையும் பின்தொடர வேண்டும். பரப்பை முழுசாகவே பின்தொடரும் மோக்கா இதற்கு ஏற்றது. ஆனால் அதற்கும் பரப்பில் ஏதாவது அடையாளம் தேவை; சுத்தமான வெள்ளைத் தகட்டில் பிடிக்க ஒன்றுமே இருக்காது.

முடித்ததும் படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, லோகோவின் விளிம்புக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள். வண்டி தூரம் போகப் போக அது சீராகச் சுருங்கலாம். திடீரென்று கூடிக் குறைந்தால் டிராக் வழுக்கியிருக்கிறது. இடைவெளி சரியாக இருந்தும் லோகோ ஒட்டாமல் தெரிந்தால், அதன் லேயரில் மோஷன் பிளர் போடப்படவில்லை என்று பொருள். வேன் மங்கலாக ஓட, லோகோ மட்டும் கூர்மையாக நிற்கும்.

லோகோ வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால், ஷூட்டிங் அன்று அந்த இடத்தில் நாலு சின்ன டேப் துண்டுகளை ஒட்டிவிடலாம். டிராக்கருக்குப் பிடி கிடைக்கும். பிறகு லோகோவே அவற்றை மறைத்துவிடும்.