காலுக்குக் கட்டுப்படும் விளக்கு

தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் தொடங்கும் இடத்தை, முதல்முறை போகிறவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். மலைப்பாதை என்றதும் மனதில் வரும் கொண்டை ஊசி வளைவு எதுவும் அங்கே இல்லை. அகலமான தேசிய நெடுஞ்சாலை, சற்றே வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். காரில் போனால் இறக்கம் என்றே தோன்றாது. லோடு ஏற்றிய லாரியில் போனால் தெரியும். இரட்டைப் பாலம் பக்கம் நடந்த விபத்துகளைப் பற்றி நாம் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்போம்!

அந்த இறக்கத்தில் ஒருநாள் லாரி கேபினில் உட்கார்ந்து போனேன். பத்துச் சக்கர வண்டி, முழு லோடு. ஓட்டுநருக்கு இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து கியரை இறக்கிக்கொண்டார். பிறகு ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த சிறு லீவரைத் தட்டினார். டேஷ்போர்டில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"அண்ணே, ஏதோ லைட் எரியுதே, கோளாறா?" என்றேன்.

"எரியலைன்னாதான் தம்பி கோளாறு. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டிருக்கேன், அதுக்குத்தான் எரியுது."

டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தாலே ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். புதிதாக வண்டி எடுக்கும் ஓட்டுநர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் வந்த வினை ஒன்றை அவர் அன்று சொன்னார். அதற்கு முன்னால் இந்த பிரேக் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

25 டன் எடையுள்ள ஒரு லாரி, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கும் சரிவில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். டயர் உராய்வும் காற்றின் தடையும் பிடித்து வைப்பது போக, அந்த வேகம் கூடாமல் இருக்க ஏறத்தாழ 85 கிலோவாட் ஆற்றலை யாராவது தொடர்ந்து உறிஞ்ச வேண்டும். வீட்டில் இருக்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 85-ஐ ஒரே நேரத்தில் போட்டுவைத்தால் வரும் சூடு அது. ஆறு கிலோமீட்டர் இறக்கம் என்றால் பன்னிரண்டு நிமிடம் விடாமல் அந்தச் சூடு வந்துகொண்டே இருக்கும். கால் பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் பிரேக் லைனரிலும் டிரம்மிலும்தான் இறங்கும். ஓரளவுக்கு மேல் சூடேறினால் லைனர் பிடிப்பை இழக்கிறது. டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகுகிறது. ஓட்டுநர் மிதித்துக்கொண்டே இருப்பார், வண்டி கேட்காது.

எக்ஸாஸ்ட் பிரேக் இந்தச் சுமையில் பெரும் பங்கைச் சக்கரத்திலிருந்து எடுத்து எஞ்சினிடம் கொடுக்கிறது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், டர்போவைத் தாண்டி, ஒரு பட்டர்ஃபிளை வால்வு இருக்கும். குழாய்க்குள் குறுக்காகத் திரும்பக்கூடிய ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். லீவரைப் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரு சிறு சிலிண்டர் அந்தத் தகட்டைத் திருப்பிக் குழாயை அடைக்கிறது. டீசலும் நிற்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், கை எப்படித் திணறுகிறது! எஞ்சினுக்குள் பிஸ்டன்களும் அப்படித்தான் திணறுகின்றன. சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்ற வைக்க வேண்டியிருப்பதால் அந்தத் திணறல் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் பிடிப்பு அதிகம். பெரிய கியரில், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது லீவரைப் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அற்றுவிடுகிறது, இந்த பிரேக் இருந்தும் இல்லாததுதான். டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று தொப்பூரில் நியூட்ரலில் இறக்குகிறவர்கள் கைவிடுவது இதைத்தான்.

இப்போது விளக்குக்கு வருவோம். டேஷ்போர்டில் இரண்டு சாதி விளக்குகள் உண்டு. ஒன்று, "நீ சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறேன்" என்பது. ஹெட்லைட் ஹைபீமில் இருக்கும்போது எரியும் நீல விளக்கு, இண்டிகேட்டர் போட்டால் மினுக்கும் பச்சை அம்பு எல்லாம் இந்த வகை. இன்னொன்று, "நீ சொல்லாத ஏதோ நடக்கிறது" என்பது. காற்றழுத்தம் குறைந்தால் பஸ்ஸரோடு எரியும் சிவப்பு விளக்கு அந்த வகை. எக்ஸாஸ்ட் பிரேக் விளக்கு முதல் வகையைச் சேர்ந்தது. பொதுவாக, சிவப்பு என்றால் உடனே நிறுத்து, ஆரஞ்சு என்றால் கவனி, பச்சை என்றால் சரியாக நடக்கிறது என்பது உலக வழக்கம். எல்லா வண்டியிலும் இந்த விளக்கு பச்சையாக இருந்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. சில வண்டிகளில் ஆரஞ்சாகவே வைத்துவிட்டார்கள். படமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? அந்த அண்ணன் எனக்கு ஓட்டிக்கொண்டே காட்டினார். ஒரு வளைவைத் தாண்டியதும் கியர் மாற்ற கிளட்சை மிதித்தார், விளக்கு அணைந்தது. கிளட்சை விட்டார், எரிந்தது. கொஞ்சம் சமதளம் வந்ததும் ஆக்சிலேட்டரைத் தொட்டார்; அணைந்தது. காலை எடுத்தார், எரிந்தது. கிளட்சோ ஆக்சிலேட்டரோ மிதிபட்டால் அந்த பிரேக் தானாக விலகிவிட வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. அதை விளக்கு அப்படியே சொல்கிறது. "பார்த்தீங்களா, என் காலுக்குக் கட்டுப்படுது. கோளாறு லைட் காலுக்குக் கட்டுப்படாது" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொரு வகை வண்டிகளும் உண்டு. அவற்றில் லீவர் போட்டதும் எரியும் விளக்கு, லீவரை எடுக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும்; காலைப் பொருட்படுத்தாது. அது காலுக்குக் கட்டுப்படாவிட்டாலும் கைக்குக் கட்டுப்படுகிறது. லீவரை எடுத்த பிறகும் அணையவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெரிய பஸ்களிலும் கனரக டிரெய்லர்களிலும் வரும் ரிடார்டருக்கும் இதே கணக்குதான். அது கியர்பாக்ஸ் பக்கத்தில் எண்ணெயின் தடையாலோ காந்தத்தாலோ தண்டைப் பிடித்து நிறுத்தும் கருவி. ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கி ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கினால் ரிடார்டர் தானாக விலகும், விளக்கும் அணையும். அதுவும் பழுதல்ல. மழை நாளில் காலி வண்டியில் இந்த பிரேக்குகளைத் தவிர்ப்பது நல்லது; இவை எஞ்சின் ஓட்டும் சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால் பின்பக்கம் வழுக்க வாய்ப்புண்டு.

அந்த வினைக்கு வருகிறேன். அவர் வேலை செய்த இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் பழைய வண்டி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் லீவர் எப்போதும் போட்டே இருந்திருக்கிறது, முந்தைய ஓட்டுநரின் பழக்கம். ஓட்டும்போதெல்லாம் ஒரு ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு எரிவதைப் பார்த்த பையன், வயரிங் எங்கோ லூஸ் என்று நினைத்து வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தினான். அவர்களும் 'சென்சார் போயிருச்சு' என்று சொல்லி, ஒரு இணைப்பைக் கழற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார்கள். விளக்கு எரிவது நின்றது. அவனும் நிம்மதியாகக் கிளம்பினான். கழற்றப்பட்டது வால்வை இயக்கும் சோலினாய்டின் இணைப்பு. இரண்டு நாள் கழித்து லோடோடு தொப்பூரில் இறங்கும்போது வண்டி வழக்கத்தைவிட வேகமெடுப்பது போலிருக்க, அவன் கால் பிரேக்கை மிதித்தபடியே வந்திருக்கிறான். பாதி இறக்கத்தில் பின்சக்கரத்தில் புகையும் லைனர் கருகும் நாற்றமும். நல்லவேளை, அப்போது வேகம் கைக்குள் இருந்தது; ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். டிரம் ஆறுவதற்கு மணிக்கணக்கில் ஆனது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. விளக்கு எரிகிறது, பிரேக் பிடிக்கவில்லை. பல வண்டிகளில் விளக்குக்குத் தெரிவது சோலினாய்டுக்குக் கரண்ட் போனது மட்டும்தான். வால்வு உண்மையில் திரும்பியதா என்று அதற்குத் தெரியாது. புகைக்கரி படிந்து தகட்டின் தண்டு இறுகிப்போயிருக்கலாம். சிலிண்டருக்குப் போகும் காற்றுக் குழாய் வெடித்துக் கசியலாம். விளக்கு பாட்டுக்கு எரியும். கண்டுபிடிக்கக் காதுதான் வேண்டும். பிரேக் விழுந்தால் எஞ்சின் சத்தம் அடைபட்டதுபோல் கனத்து மாறும். மறுபடி விலகும்போது அடைபட்ட காற்று புஸ்ஸென்று விடுபடும். சமதளத்தில் ஆளில்லாத சாலையாகப் பார்த்து, ஒரே கியரில் ஒருமுறை லீவர் இல்லாமலும் ஒருமுறை லீவரோடும் காலை எடுத்துப் பார்த்தால், வண்டி வேகம் குறைவதில் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். தெரியவில்லை என்றால் இறக்கத்துக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் போக வேண்டும். தகடு மூடியபடியே இறுகிவிட்டால் வேறு மாதிரி: ஏற்றத்தில் இழுவை இருக்காது, கரும்புகை கக்கும், எஞ்சின் சூடேறும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு குழப்பத்துக்கு இன்னொரு காரணம் சேர்ந்திருக்கிறது. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டிக்கும் ஒரு விளக்கு உண்டு. குழாய் பொருத்திய பெட்டி, அதற்குள் புள்ளிகள். அதுவும் ஆரஞ்சு, அதுவும் புகைக்குழாய் சம்பந்தப்பட்டது. ஆனால் லீவரை எடுத்தாலும் கிளட்சை மிதித்தாலும் அது அசையாது. வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்கும் விளக்கு அது, அலட்சியப்படுத்தினால் வண்டியே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சில நொடி எரிந்து அணையும் அல்லவா, அப்போதே இவற்றின் இடத்தையும் படத்தையும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

அன்று அந்த அண்ணன் இறக்கம் முழுவதும் கால் பிரேக்கைத் தொட்டது நான்கைந்து முறைதான். ஒவ்வொரு முறையும் அழுத்தி மிதித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுவார். கீழே வந்ததும் டீ குடிக்க நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், டிரம்மில் படாமல் சற்றுத் தள்ளிப் புறங்கையைக் காட்டிப் பார்த்தார். பிறகு என்னையும் கூப்பிட்டு அதே இடத்தில் கையைக் காட்டச் சொன்னார். வெயிலில் கிடந்த கல்லின் சூடுதான் இருந்தது.