"டாலர் ஏறினா விலை மாறும்" – இந்த ஒரு வரி ஏன் போதாது?

இந்த எபிசோடுல ஒரு கொட்டேஷனோட கடைசி வரியை மட்டும் பிரிச்சுப் பார்க்கப்போறோம்.

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன ஐடி கம்பெனின்னு வெச்சுக்குவோம். அவங்க ஒரு வாடிக்கையாளருக்கு வெளிநாட்டு டிசைன் சாஃப்ட்வேர் லைசென்ஸ் வாங்கித் தர்றாங்க. 20 லைசென்ஸ், ஒண்ணு 200 டாலர், மொத்தம் 4,000 டாலர். கொட்டேஷன் கொடுக்கிற அன்னிக்கு ஒரு டாலர் 84 ரூபாய்னா, அது 3,36,000 ரூபாய். இன்ஸ்டால் பண்ணி, ட்ரெய்னிங் கொடுக்க 64,000. ஆக மொத்தம் 4 லட்சம். வரியை இப்போ ஒதுக்கி வெச்சிடுவோம்.

கீழே ஒரு குறிப்பு: "டாலர் மதிப்பு மாறினால் விலையும் மாறும்."

45 நாள் கழிச்சு பணம் வருது. அப்போ டாலர் 86.10. அதாவது 2.5 சதவீதம் ஏறியிருக்கு. இப்போ எவ்வளவு கூடுதலா கேட்கலாம்?

விக்கிறவர் மொத்த 4 லட்சத்துக்கும் 2.5 சதவீதம் போட்டு 10,000 கேட்கலாம். வாங்குறவர், "ட்ரெய்னிங் கொடுக்கிறவருக்கு நீங்க ரூபாய்லதானே சம்பளம் தர்றீங்க? 4,000 டாலருக்கு மட்டும் கணக்கு போடுங்க"ன்னு சொன்னா 8,400. "ஒரு சதவீதம் வரைக்கும் ஏற்ற இறக்கம் சகஜம்தானே, அதுக்கு மேல ஏறினதை மட்டும் கேளுங்க"ன்னு சொன்னா 5,040. குறிப்பு ஒண்ணுதான், பதில் மூணு. அதுல எதையும் தப்புன்னு சொல்ல முடியாது. அதனாலதான் அந்த வரியைத் திருத்தணும்.

முதல்ல, எந்தத் தொகை டாலரோட சேர்ந்து மாறும்னு எண்ணாவே எழுதணும்: 4,000 டாலர். மிச்சம் 64,000 ரூபாய் அப்படியே நிக்கும்.

ரெண்டாவது, யாரோட ரேட்? இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. கொட்டேஷன் அன்னிக்கு கூகுள்ல பார்த்த ரேட்டை எழுதிட்டு, பணம் வர்ற அன்னிக்கு பேங்க் கொடுத்த ரேட்டைக் காட்டுவாங்க. பேங்க் நமக்கு டாலர் விக்கிறப்போ அதோட லாபத்தையும் சேர்த்துத்தான் ரேட் சொல்லும். அது 60 பைசான்னு வெச்சுக்கிட்டா, டாலர் அசையாமலே இருந்தாலும் 4,000 டாலருக்கு 2,400 ரூபாய் "ஏறின" மாதிரி தெரியும். ரெண்டு நாளுக்கும் ஒரே இடத்து ரேட்டை எடுத்தா இந்தப் பிரச்சினை வராது. ரிசர்வ் பேங்க் முன்னாடி வெளியிட்ட ரெஃபரன்ஸ் ரேட்டை 2018-லிருந்து எஃப்பிஐஎல்-ங்கிற அமைப்பு வேலைநாள்ல வெளியிடுது. ரெண்டு தரப்பும் சரிபார்த்துக்கலாம். நீங்க பேங்க்ல கட்டுற ரேட் அது இல்லைதான். ஆனா நமக்கு வேண்டியது ரெண்டு தேதிக்கு நடுவுல எவ்வளவு நகர்ந்ததுங்கிறது மட்டும்தான்.

மூணாவது, எந்த நாள்? "பணம் கொடுக்கும் நாள்"னா செக் எழுதின நாளா, கணக்குல ஏறின நாளா? கணக்குல ஏறின நாள்னு எழுதிடுங்க. அன்னிக்கு ரேட் வெளியாகலைன்னா என்ன செய்யணும்னும் சொல்லிடணும்.

இப்போ திருத்தின குறிப்பு:

"இந்த விலையில் 4,000 டாலர் மட்டுமே டாலர் ரேட்டுக்கு ஏற்ப மாறும். அடிப்படை ரேட் 84.00 ரூபாய் (கொட்டேஷன் தேதியின் எஃப்பிஐஎல் ரேட்). பணம் எங்கள் கணக்கில் சேரும் நாளில் அந்த ரேட் 84.84-ஐத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு மட்டும் கூடுதலாக வாங்குவோம். 83.16-க்குக் கீழே இறங்கினால், இறங்கிய அளவைக் கழித்துக்கொள்வோம். அன்று ரேட் வெளியாகாவிட்டால் முந்தைய வேலைநாளின் ரேட். அட்வான்ஸ் தந்த பகுதிக்கு, அட்வான்ஸ் சேர்ந்த நாளின் ரேட்டே இறுதி."

பழைய கணக்கை இதுல போட்டுப் பார்ப்போம். லைசென்ஸ்ல பாதி, அதாவது 2,000 டாலருக்கான அட்வான்ஸ், டாலர் 84.20 இருக்கிறப்போ வந்துடுச்சு. அது 84.84-க்குள்ளதான், அதனால மாற்றமே இல்லை. மீதி 2,000 டாலருக்கு 86.10-ல பணம் வருது. 84.84-ஐ விட 1.26 ரூபாய் கூட. கூடுதல் தொகை 2,520 ரூபாய். யார் கணக்கு போட்டாலும் இதே பதில்தான் வரும்.

டாலர் இறங்கினா கழிப்போம்ங்கிற வரியை நிறைய பேர் விட்டுடுவாங்க. அது இல்லைன்னா வாங்குறவர் பேரம் பேசப்போறதே அந்த இடத்துலதான்.

இந்தக் குறிப்புக்கு ஒரு எல்லையும் இருக்கு. பணம் வர்றதுக்கு முன்னாடியே நீங்க லைசென்ஸுக்கு டாலர் கட்டிட்டீங்கன்னா, உங்க செலவு அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் டாலர் ஏறினா உங்களுக்கு நஷ்டமே இல்லை, ஆனா குறிப்புப்படி கூடுதல் பணம் வரும். இறங்கினா உங்க கைக்காசு போகும். அப்படி முன்கூட்டியே கட்டுறதுதான் உங்க வழக்கம்னா, "பணம் கணக்கில் சேரும் நாள்" இருக்கிற இடத்துல "நாங்கள் டாலர் கட்டும் நாள்"னு மாத்தி, அட்வான்ஸ் பத்தின வரியை எடுத்துட்டு, பேங்க் ரசீதோட நகலைத் தர்றோம்னு சேர்த்துடுங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.